ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் பட்டர்: உருகாமல், சிக்கு வாடை வராமல் எத்தனை நாள் வைக்கலாம்?

போன தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சுங்கை சிப்புட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரிய இடி மழை. காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஐஸ்பெட்டி செத்துப்போச்சு தம்பி, பலகாரத்துக்கு வாங்கின பட்டரெல்லாம் உள்ளே இருக்கு" என்றார். பழுது பார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, சாமான் வர ஆறு நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே 250 கிராம் கட்டிகள் ஐந்து இருந்தன. மூன்று உப்புப் போட்டவை, இரண்டு உப்பில்லாதவை. எல்லாம் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருந்தன, ஆனால் வடிவம் கலையவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஐஸ்பெட்டி கிடையாது. மாடு வைத்திருந்த வீடுகளில் வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளில் உருக்கிவிடுவார்கள். அப்புறம் ஒட்டுக்கடையில் வேலை பார்த்த ஆண்டுகளில் கடைப் பட்டரை நம் ஊர்ச் சூட்டில் கெடாமல் வைத்துப் பழகினேன். அந்த அனுபவத்தையும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து அந்த ஐந்து கட்டிகளுக்கும் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஐஸ்பெட்டியே இல்லாதவர்களுக்கும் இதே முறைதான்.

எந்தச் சூட்டில் என்ன ஆகிறது

பட்டர் ஒரே அடியாக உருகுவதில்லை. 20 டிகிரியில் கத்தியால் தடவும் பதத்தில் இருக்கும். 27, 28 டிகிரியில் களிம்பு போல ஆகும், ஆனாலும் பாத்திரத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். 30-ஐத் தாண்டினால் மேலே எண்ணெய் பளபளக்க ஆரம்பிக்கும், கட்டி சரியும். 32 முதல் 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். நம் ஊரில் மத்தியானச் சூடு 32, 33 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே, அடுப்பு எரியும் சமையலறையில் இன்னும் கூடுதல். ஆக, சும்மா மேசையில் வைத்தால் பட்டர் மத்தியானத்துக்குள் உருகும். அதைக் களிம்புப் பதத்தில், அதாவது 28 டிகிரியில் நிறுத்துவதுதான் நம்மால் முடிந்த காரியம். ஐஸ்பெட்டியின் குளிரை மண்சட்டி தராது.

உருகினால் என்ன, மறுபடி இறுகட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

100 கிராம் பட்டரில் 80 கிராமுக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்கும். தண்ணீர் 16 கிராம் வரை இருக்கும். அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு துளியையும் சுற்றிக் கொழுப்பின் இறுகிய பகுதி சுவர் போல நிற்கிறது. ஒரு துளிக்குள் கிருமி இருந்தாலும் அதற்குப் பெருக இடம் இல்லை, தீனி இல்லை, அடுத்த துளிக்குப் போக வழியும் இல்லை. உப்புப் போட்ட பட்டராக இருந்தால் இன்னொரு காவலும் உண்டு. 100 கிராமுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் உப்புத்தான் என்றாலும், உப்பு கொழுப்பில் கரையாது. எல்லாம் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் போய்ச் சேர்கிறது. அந்தத் துளிகள் கடல் நீரைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு உப்பாக இருக்கும். பெரும்பாலான கிருமிகளுக்கு அது தாங்காது.

உருகும்போது இந்தச் சுவர்கள் இடிந்துவிடுகின்றன. துளிகள் ஒன்று சேர்ந்து அடியில் தண்ணீராகத் தேங்கும். பாலின் புரதமும் சர்க்கரையும் அந்தத் தண்ணீரோடு சேரும். கிருமிக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. மறுபடி குளிர வைத்தால் மேலே இறுகும், பார்க்கப் பட்டர் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே மணல் மணலாக இருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும், பழைய காவல் திரும்ப வராது. அதனால்தான் ஒருமுறை முழுவதும் உருகிய பட்டரை நான் பட்டர் என்று கணக்கில் வைப்பதில்லை. அது உருக்க வேண்டிய நெய்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

நம் பக்கத்தில் மார்ஜரினையும் பட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உறையைப் படியுங்கள். மெந்தேகா என்றிருந்தால் பட்டர். மார்ஜெரின் என்றிருந்தால் அது செம்பனை எண்ணெய் போன்றவற்றில் செய்தது, சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும். இந்த வழிகாட்டி அதற்கானது இல்லை. இரண்டும் கலந்த கட்டிகளும் விற்கின்றன. தன்பா காராம் என்று எழுதியிருந்தால் உப்பில்லாதது. ஐஸ்பெட்டி இல்லாத வீட்டுக்கு உப்பில்லாததை வாங்கவே வேண்டாம், அன்றைக்கே பிஸ்கட்டோ கேக்கோ செய்வதாக இருந்தால் தவிர.

டின் பட்டர் திறக்காத வரை வெளியே இருக்கலாம், டின்னில் போட்ட தேதி வரை தாங்கும். காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாததுதான் காரணம். ஆனால் திறந்த அன்றே அது மற்ற பட்டரைப் போல ஆகிவிடும். எனவே சின்ன டின்னாக வாங்குங்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் அரை மணி நேரம் வந்த பட்டர் வீட்டுக்கு வரும்போதே பாதி கெட்டது போலத்தான். காலையிலோ விளக்கு வைக்கும் நேரத்திலோ வாங்கி, நாளிதழில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கொண்டு வாருங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டு வைக்க வேண்டாம்.

அன்று காலை ஐந்து கட்டிகளையும் பிரித்த விதம்

அக்கா வீட்டில் நாலு பேர். ரொட்டியில் தடவ ஒரு நாளைக்கு 60, 70 கிராம் போகும். மூன்று நாளைக்கு 250 கிராமே அதிகம். அதனால் உப்புப் போட்டதில் ஒரு கட்டியை மட்டும் பட்டராக வைப்பது என்று முடிவு செய்தோம்.

உப்பில்லாத இரண்டு கட்டிகளையும் அன்றைக்கே பிஸ்கட்டாக்கச் சொன்னேன். எப்படியும் தீபாவளிக்குச் செய்யத்தான் போகிறார். எட்டு நாள் முன்கூட்டிச் செய்தால் என்ன? நன்றாக வெந்து, ஆறி, காற்றுப் புகாத டின்னில் போன பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு. அது பட்டராக வெளியே கிடப்பதைவிடப் பல மடங்கு பத்திரம். மாவு மட்டும் பிசைந்து நாளைக்குச் சுடலாம் என்று வைக்கக் கூடாது. பிசைந்த மாவில் முட்டையும் சேர்ந்துவிடுவதால் அது பட்டரைவிட வேகமாகக் கெடும். பிசைந்தால் அன்றே சுட வேண்டும்.

மிச்சம் இரண்டு உப்புக் கட்டிகளை நெய்யாக்குவது. நெய் உருண்டைக்கு எப்படியும் நெய் வேண்டும். உப்புப் பட்டரில் நெய் காய்ச்சினால் கரிக்குமே என்று அக்கா தயங்கினார். கரிக்காது, காரணத்தை நெய் பகுதியில் சொல்கிறேன்.

மீன்காரரிடம் ஒரு பழைய போலிஸ்டைரின் பெட்டியும் ஐஸும் வாங்கி எல்லாவற்றையும் அதில் வைக்கலாமா என்று யோசித்தோம். ஒரு நாளுக்கு அது நல்ல வழி. பட்டரைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, ஐஸ் கரையும் தண்ணீர் உள்ளே போகாமல் வைத்தால் போதும். ஆறு நாளைக்குத் தினமும் ஐஸ் வாங்கிப் போடுவதும், ஒரு நாள் மறந்தால் மொத்தமும் உருகுவதும் சரிப்படாது என்று விட்டுவிட்டோம்.

புட்டியும் சட்டியும்

ரொட்டிக்கு ஒதுக்கிய ஒரு கட்டியை எப்படி வைத்தோம் என்பதுதான் இந்த முறையின் நடுப்பகுதி.

ஜாம் புட்டி அளவில் மூடியுள்ள நாலு சின்னக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, எடுத்துக் கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய விடுங்கள். பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அந்த உலோகங்கள் கொழுப்பைச் சீக்கிரம் சிக்கு வாடைக்குக் கொண்டுபோகும். எவர்சில்வர், கண்ணாடி, மெருகுள்ள பீங்கான் ஆகட்டும்.

கட்டியை வெட்டி அடைக்கச் சரியான நேரம் விடியற்காலை. அந்தக் காலத்தில் பால் வெட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சூடு 24 டிகிரி வரை இறங்கியிருக்கும். காய்ந்த கத்தியால் கட்டியை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 60 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒவ்வொன்றையும் ஒரு புட்டியில் போட்டுக் கரண்டியால் நன்றாக அழுத்துங்கள், இடுக்கில் காற்று நிற்கக் கூடாது. மேலே பட்டர் சுற்றி வந்த தாளையே வட்டமாக வெட்டி ஒட்டினாற்போல வைத்து மூடியை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு புட்டியையும் பழுப்புத் தாளிலோ நாளிதழிலோ சுற்றிவிடுங்கள். வெளிச்சம் படுவது காற்றுப் படுவதைப் போலவே பட்டரைக் கெடுக்கும்.

நாலாகப் பிரிப்பது ஏன் என்றால், ஒரு நேரத்தில் ஒரு புட்டிதான் திறக்கப்படும். கத்தி போய் வருவது, ரொட்டித் துகள் விழுவது, பிள்ளைகள் மூடாமல் விடுவது எல்லாம் அந்த ஒன்றில் மட்டும் நடக்கும். மற்ற மூன்றும் தொடப்படாமல் இருக்கும். ஒரே பெரிய டப்பாவில் வைத்தவர்களுக்கு இரண்டாம் நாளே கெட்டதற்கும், எங்களுக்கு மூன்றாம் நாளும் நன்றாக இருந்ததற்கும் பெரிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இனி சட்டி. மெருகு பூசாத, தண்ணீர் கசியும் பெரிய மண்சட்டி அல்லது பானை வேண்டும். கோலகங்சார் பக்கம் சாயோங்கில் செய்யும் கறுப்பு லாபு சாயோங் கூஜாவில் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறதோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. மண்ணில் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கூஜாவின் வாய் குறுகல், புட்டி நுழையாது. அதனால் வாய் அகன்ற சட்டி.

சட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கட்டும். புட்டிகளை நிற்க வைத்தால் கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் வர வேண்டும், மூடி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். சட்டியைச் சுற்றி ஈரக் கோணிப்பையைச் சுற்றிக் கட்டுங்கள். மேலே ஈரப் பருத்தித் துணியைப் போர்த்தி, அதன் ஓரங்கள் சட்டித் தண்ணீரில் நனைந்திருக்கும்படி விடுங்கள். மொத்தத்தையும் தண்ணீர் ஊற்றிய ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். கோணி தானாக ஈரம் உறிஞ்சிக்கொள்ளும், எறும்பும் ஏறாது. எறும்பை லேசாக நினைக்காதீர்கள், நம் ஊரில் திறந்த பட்டரை அது ராத்திரிக்குள் கண்டுபிடித்துவிடும். தாம்பாளத் தண்ணீரை மட்டும் தினமும் கொட்டி மாற்றுங்கள், கொசு முட்டையிட இடம் கொடுக்கக் கூடாது.

இதை எங்கே வைப்பது? சமையலறையில் வேண்டாம். காற்று வரும், வெயில் வராத சன்னல் ஓரம், சிமெண்டுத் தரையில். அக்கா வீட்டில் முன்கூடத்தின் வடக்குப் பக்கம் வைத்தோம். ஒரு வெப்பமானி வாங்கி அளந்தோம். மத்தியானம் மூன்று மணிக்குச் சமையலறையில் 34, முன்கூடத்தில் 32, சட்டித் தண்ணீரில் 28. பட்டர் களிம்பாக நின்றது, எண்ணெய் விடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மண்சட்டிக் குளிர்ச்சி பற்றிப் படிக்கும்போது, பத்து டிகிரிக்கு மேல் குறையும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது வறண்ட பாலை நாட்டுக் கணக்கு. நம் காற்றில் ஏற்கெனவே நிறைய ஈரம் இருக்கிறது, தண்ணீர் லேசில் ஆவியாகாது. 33 டிகிரி மத்தியானத்தில், நம் ஈரப்பதத்தில், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 26 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. நடைமுறையில் நாலு டிகிரி குறைந்தால் நல்லது. மழை பெய்து காற்றும் இல்லாத நாளில் அதுவும் குறையாது.

அதனால் நான் ஆவியாதலை மட்டும் நம்புவதில்லை, ராத்திரிக் குளிரையும் பிடித்து வைக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் மேலே போர்த்திய துணியை எடுத்துவிட்டு, கோணியை நனைத்து, சன்னலைத் திறந்து வையுங்கள். சட்டியின் வாயில் வலை போட்டு மூடினால் போதும். விடியும்போது ஐந்து லிட்டர் தண்ணீரும் 25 டிகிரியை ஒட்டி வந்திருக்கும். காலை ஏழு மணிக்கு மறுபடி ஈரத் துணியைப் போர்த்தி மூடுங்கள். அவ்வளவு தண்ணீர் சூடேற நேரம் எடுக்கும், மத்தியானத்தின் மோசமான மூன்று மணி நேரத்தை அது தாண்டிவிடும். அரை லிட்டர் தண்ணீர் வைத்த சின்னச் சட்டி பத்து மணிக்கே சூடாகிவிடும். இதனால்தான் சட்டி பெரியதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

மேல்நாடுகளில் பட்டரைக் குவளையில் அடைத்துத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைக்கும் பீங்கான் பாத்திரம் ஒன்று உண்டு. இங்கே சிலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். 27 டிகிரிக்கு மேல் பட்டர் குவளையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்துவிடும். நம் மத்தியானத்துக்கு அது சரிவராது.

உருகிய புட்டி

இரண்டாம் நாள் மத்தியானம் அக்காவின் மகன் ஒரு புட்டியை எடுத்து ரொட்டி தடவிவிட்டு அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டான். அக்கா சாயங்காலம் பார்த்தபோது முழுவதும் உருகி மஞ்சள் எண்ணெயாக நின்றது, அடியில் வெள்ளையாகத் தண்ணீர். அவர் அதை மறுபடி சட்டியில் வைத்தார், மறுநாள் காலை இறுகியிருந்தது. பார்க்க நன்றாக இருக்கவே பேசாமல் விட்டார். அன்று சாயங்காலம் என்னிடம் காட்டினார். மேலே நெறுநெறுவென்று மணல் பதம், கத்தியை அடி வரை விட்டால் கலங்கிய தண்ணீர் மேலே வந்தது, புளித்த வாடை லேசாக இருந்தது. கொட்டச் சொன்னேன்.

உருகியதைப் பார்த்த அந்தச் சாயங்காலமே செய்திருக்க வேண்டியது நெய் காய்ச்சுவது. என் கணக்கு இது: உப்புப் போட்ட கடைப் பட்டர் சில மணி நேரம் உருகிக் கிடந்தது தெரிந்தால் அப்போதே அடுப்பில் ஏற்றுங்கள். ராத்திரி தாண்டிவிட்டால், எப்போது உருகியது என்றே தெரியாவிட்டால், கொட்டிவிடுங்கள். காய்ச்சினால் எல்லாம் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதியில் அழியாது.

வாடை இரண்டு வகை

பட்டர் கெடுவதில் இரண்டு வழி உண்டு, வாடையும் வேறு வேறு. காற்றும் வெளிச்சமும் சூடும் கொழுப்பைத் தாக்கினால் பழைய முறுக்கு டின்னைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கெண்ணெய் வாடை. நாக்கில் கசப்பு. இது மேற்பரப்பில் தொடங்கும். கட்டியை வெட்டிப் பார்த்தால் வெளித்தோல் அடர்ந்த மஞ்சளாகவும் உள்ளே வெளிர் மஞ்சளாகவும் இருக்கும்.

இன்னொன்று ஈரத்திலும் கிருமியிலும் வருவது. கொழுப்பு உடைந்து பியூட்ரிக் அமிலம் என்ற ஒன்று வெளியே வரும். கைக்குழந்தை கக்கிய பால் துணியின் வாடைதான் அது. மிகச் சிறிது இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். உருகிப் பிரிந்த பட்டரிலும், மோர் சரியாகக் கழுவாத வீட்டு வெண்ணெயிலும் இதுதான் முதலில் வரும்.

சோதிக்க ஒரு எளிய வழி. கடுகளவு எடுத்துப் புறங்கையில் தேய்த்து, பத்து எண்ணிவிட்டு முகர்ந்து பாருங்கள். உடம்புச் சூட்டில் வாடை எழும்பிவிடும். புட்டியில் மூக்கை வைத்து முகர்வதைவிட இது துல்லியம். முதல் நாளே ஒருமுறை இப்படி முகர்ந்து நல்ல வாடையை நினைவில் வைத்துக்கொண்டால் மாற்றம் உடனே தெரியும்.

மேல்தோல் மட்டும் மஞ்சளாகி, உள்ளே நல்ல வாடையாக இருந்தால் தோலைச் சீவிவிட்டு மிச்சத்தை அன்றைய சமையலுக்குப் போடலாம். கக்கிய பால் வாடையோ, புளிப்போ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளியோ இருந்தால் முழுவதும் போக வேண்டும். மென்மையான பொருளில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். அப்புறம், வாடை இல்லை என்பதாலேயே பத்திரம் என்றும் ஆகாது. நோய் தரும் கிருமிகள் பல வாடையே காட்டாது. நாள் கணக்கு வைப்பது அதனால்தான்.

நாள் கணக்கு

அமெரிக்க வேளாண் துறை, ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் அளவு பட்டரை மட்டும் வெளியே வைக்கச் சொல்கிறது. அங்கே வீட்டுச் சூடு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியது. நம் சூட்டில் அதைவிட நீட்டிப்பதற்கு நியாயமே இல்லை. 28 டிகிரிச் சட்டியில் உப்புப் போட்ட கடைப் பட்டருக்கு நான் இரண்டு நாள் என்று வைத்திருக்கிறேன். புட்டி திறக்கப்படாமல், ஒருமுறைகூட உருகாமல் இருந்தால் மூன்றாம் நாள் மாலை வரை. அதற்கு மேல் வாடை நன்றாக இருந்தாலும் வைப்பதில்லை.

உப்பில்லாதது அன்றைக்கே. வீட்டில் கடைந்த வெண்ணெயும் அன்றைக்கே, ஏனென்றால் அதில் தண்ணீரும் மோரும் கூடுதல், உப்பும் இல்லை. அந்தக் காலத்து இரண்டு நாள் கணக்கை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. பூண்டோ இலையோ அரைத்துக் கலந்த பட்டரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மண்ணிலிருந்து வரும் கிருமி பூண்டோடு உள்ளே போகிறது, காற்றில்லாத கொழுப்புக்குள் அது நஞ்சை உண்டாக்கலாம்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், உடம்பு முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வெளியே வைத்த பட்டரே வேண்டாம், நெய் கொடுங்கள். பின்லாந்தில் 1998, 99-ல் கடையில் விற்ற பட்டரிலிருந்து லிஸ்டீரியா என்ற கிருமி பரவியது. 25 பேருக்கு நோய் வந்தது, ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே உடல்நலம் குன்றியவர்கள். பட்டரில் கிருமி வராது என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சத்தை நெய்யாக்குவது

அன்று காலை ஒதுக்கிய இரண்டு உப்புக் கட்டிகளை, அதாவது 500 கிராமை, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்தோம். உருகியதும் நுரை கட்டும். பிறகு சடசடவென்று சத்தம் வரும், அது தண்ணீர் வெளியேறும் சத்தம். இந்த நேரத்தில் தீயைக் கூட்டக் கூடாது, பக்கத்தை விட்டுப் போகவும் கூடாது. இருபது நிமிடம் வாக்கில் சத்தம் அடங்கும். அடியில் கிடக்கும் துகள் பொன்னிறமாகும், மணம் வரும். நாலு முருங்கை இலையைப் போட்டால் படபடத்து உடனே மொறுமொறுப்பானால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். உடனே இறக்குங்கள். உப்புப் பட்டரில் அடித்துகள் சீக்கிரம் கருகும், ஒரு நிமிடம் தாமதித்தால் கசந்துவிடும்.

உப்பு எங்கே போனது? கொழுப்பில் கரையாது என்று முன்பே சொன்னேன். தண்ணீர் போனதும் அது வெள்ளைப் பொடியாகத் துகளோடு அடியில் படிந்துவிடும். ஐந்து நிமிடம் ஆடாமல் விட்டு, காய்ந்த மெல்லிய துணியை நாலாக மடித்து மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுங்கள். அடியில் உள்ளதைச் சாய்த்து ஊற்ற வேண்டாம். எங்களுக்கு 390 கிராம் நெய் கிடைத்தது, கொஞ்சமும் கரிக்கவில்லை. அக்கா அதில்தான் நெய் உருண்டை பிடித்தார்.

நெய் முழுவதும் ஆறிய பிறகுதான் புட்டியை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்துத் தண்ணீர் உள்ளே சொட்டும், பட்ட பாடெல்லாம் வீணாகும். காய்ந்த கரண்டி, இருட்டான அலமாரி, காற்றுப் புகாத மூடி இருந்தால் வீட்டு நெய் நம் சூட்டில் மூன்று மாதம் நன்றாக இருக்கும். பாதி இறுகி, பாதி எண்ணெயாக, குருணை குருணையாகத் தெரியும். அது நெய்யின் இயல்பு, கெட்டதன் அடையாளம் இல்லை.

ஒரு தப்பை மட்டும் செய்ய வேண்டாம். சிக்கு வாடை வந்த பட்டரை உருக்கி நெய்யாக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். வாடையில் கொஞ்சம் ஆவியாகப் போகும், காறல் போகாது. அதைப் போட்டுச் செய்த பலகாரம் முழுவதும் அதே காறலோடு இருக்கும். உருக்குவது என்றால் பட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே உருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை அக்காவிடம் ஒரு புட்டி திறக்காமல் மிச்சம் இருந்தது. புறங்கையில் தேய்த்து முகர்ந்தோம், நன்றாகவே இருந்தது. ஐஸ்பெட்டிச் சாமான் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வறுவலில் அதைப் போட்டுத் தீர்த்துவிட்டு, புட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீர் ஊற்றிக் காய வைத்தார். மண்சட்டியைச் சோப்பில்லாமல் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்தோம். சோப்புப் போட்டால் மண்ணின் நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். கொழுப்புப் பட்டாலோ துளைகள் அடைபட்டு அடுத்த முறை தண்ணீர் கசியாது.